ஸ்டேஷனில் எழுதி வாங்கிய வாக்குமூலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட் வாசலிலும் புதுச்சேரி கோர்ட் வளாகத்திலும் கைதானவரின் வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். இரண்டுக்கும் மேல் சென்னை உயர் நீதிமன்றம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடப்பில் இருப்பதால் புதிய பிரிவு எண்ணையே முதலில் தருகிறோம்.

ஸ்டேஷன்ல தம்பி "நான்தான் செஞ்சேன்"னு சொன்னதா எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. கேஸ் முடிஞ்ச மாதிரிதானா?

இல்லை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்கவே முடியாது. பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 23(1) இதைச் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 25 ஆக இருந்தது. கேட்டவர் ஏட்டா, டி.எஸ்.பி.யா என்பதில் வித்தியாசமில்லை. தாளில் எழுதினாலும் செல்போனில் படம் பிடித்தாலும் அதே தடைதான்.

கையெழுத்தால் அந்தத் தாளுக்குக் கூடுதல் பலம் வந்துவிடாது. விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்றே நடைமுறைச் சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவு 181 சொல்கிறது. ஆனாலும் கையெழுத்து வாங்குகிறார்கள். ஏன் என்பது நாலாவது கேள்வியில் வருகிறது. உங்கள் கவனம் முழுக்க அங்கே இருக்கட்டும்.

அடிச்சு வாங்கினாத்தானே செல்லாது? அவன் தானாவே சொன்னான்னு போலீஸ் சொல்றாங்களே?

தானாகச் சொன்னாலும் செல்லாது. அடி விழுந்ததா இல்லையா என்ற கேள்விக்குள் போகாமலே பிரிவு 23(1) அந்தத் தாளை வெளியே தள்ளிவிடுகிறது. லாக்கப்பில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி கிடைக்காது என்பதை அறிந்தே, நிரூபிக்கும் சுமையைக் கைதானவர் தலையில் வைக்காமல் ஒட்டுமொத்தமாக அடைத்துவிட்டார்கள்.

அடி, மிரட்டல், "ஒத்துக்கிட்டா விட்டுடறோம்" என்ற ஆசை வார்த்தை, இவற்றைப் பார்ப்பது பிரிவு 22. அது போலீஸோடு நிற்பதில்லை. அதிகாரம் உள்ள யாருடைய மிரட்டலாலோ வாக்குறுதியாலோ வந்த ஒப்புதலும் அதில் அடிபடும்.

பத்திரிகைக்காரங்க முன்னாடி நிறுத்தி, அவன் டி.வி.யில ஒத்துக்கிட்டுப் பேசிட்டான். அது போலீஸ்கிட்ட சொன்னது இல்லையே?

போலீஸ் காவலில் இருக்கும்போது யாரிடம் சொன்னாலும், மாஜிஸ்திரேட் நேரில் இல்லாவிட்டால் அதை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பிரிவு 23(2) இதற்காகவே இருக்கிறது. நிருபர், டாக்டர், பக்கத்து லாக்கப்பில் இருப்பவர், ஊர்ப் பெரியவர் எல்லாரும் இதில் அடக்கம். போலீஸ்காரர் சற்று நேரம் வெளியே போய் நின்றாலும் காவல் காவல்தான்.

செல்லாதுன்னு தெரிஞ்சும் எதுக்காக வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டு வெச்சு அவ்வளவு நீளமா எழுதுறாங்க?

பிரிவு 23-இலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பழைய பிரிவு 27 அதுதான். போலீஸ் காவலில் இருக்கும் குற்றம் சாட்டப்பட்டவர் தந்த தகவலால் ஓர் உண்மை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். மற்றதெல்லாம் வெளியே. கோர்ட்டில் வக்கீல்கள் "அட்மிசிபிள் போர்ஷன்" என்பது அந்த நாலு வரியைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில் திருட்டு. ஒரு வாரம் கழித்து ஒருவரைப் பிடிக்கிறார்கள். வாக்குமூலம் இப்படி இருக்கிறது: "போன வெள்ளிக்கிழமை ராத்திரி பூட்டை உடைத்து உள்ளே போனேன். பீரோவில் இருந்த எட்டுப் பவுன் சங்கிலியை எடுத்தேன். என் மச்சான் வெளியே காவல் நின்றான். திருடிய சங்கிலியை டப்பாவில் போட்டு, நெல்லிக்குப்பத்தில் என் மாமியார் வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டகைத் தூணுக்குப் பக்கத்தில் புதைத்து வைத்திருக்கிறேன். அழைத்துப் போனால் எடுத்துத் தருகிறேன்."

அங்கே தோண்டி டப்பாவை எடுத்தால், உள்ளே வருபவை கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும். அதிலும் "திருடிய" என்ற சொல்லை நீக்கிவிட வேண்டும். சங்கிலி அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருந்ததும், அது இவருக்குத் தெரியும் என்பதும்தான் கண்டுபிடிப்பு. பூட்டை உடைத்தது கண்டுபிடிப்பில் சேராது. 1946-இல் புலுக்குரி கோட்டய்யா வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வகுத்த இந்தக் கோட்டைத்தான் இன்றும் நீதிமன்றங்கள் பிடித்து நிற்கின்றன. மச்சானைப் பற்றிய வரி அவரைத் தொடவே தொடாது.

அப்போ நகை கிடைச்சுட்டா திருட்டு நிரூபணம் ஆயிடுமா?

தானாக ஆகாது. மேலே சொன்ன வழக்கில் இரண்டு படிகள் பாக்கி இருக்கின்றன. ஒன்று, தோண்டி எடுத்த சங்கிலிதான் காணாமல் போன சங்கிலி என்று உரிமையாளர் அடையாளம் காட்ட வேண்டும். கொக்கியில் வைத்த பற்று, நகைக்கடை முத்திரை, பழைய ரசீதில் உள்ள எடை போன்றவை இதற்கு உதவும். "எட்டுப் பவுன் சங்கிலி" என்பது மட்டும் அடையாளம் ஆகாது.

இரண்டாவது, கால இடைவெளி. திருட்டு நடந்த கொஞ்ச நாளுக்குள் திருட்டுப் பொருளை வைத்திருந்து கணக்குச் சொல்ல முடியாதவரைத் திருடியவர் என்றோ, தெரிந்தே வாங்கியவர் என்றோ நீதிமன்றம் அனுமானிக்கலாம் (சாக்ஷ்ய அதினியம் பிரிவு 119). ஒரு வாரம் என்றால் அந்த அனுமானம் பலமாக நிற்கும். ஒரு வருஷம் என்றால் தேய்ந்துவிடும். கொல்லைக்குள் யார் வேண்டுமானாலும் வந்துபோகலாம் என்றால் "வைத்திருந்தார்" என்பதே ஆட்டம் காணும்.

வாக்குமூலத்தையும் மகசரையும் கையில வெச்சுக்கிட்டு எதைப் பார்க்கணும்?

மகசர் என்பது பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகளோடு அங்கேயே எழுதும் தாள். முதலில் நேரத்தைப் பாருங்கள். கைது எத்தனை மணி, வாக்குமூலம் எத்தனை மணி, ஸ்டேஷனிலிருந்து கிளம்பியது எத்தனை மணி, மகசர் எத்தனை மணி என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் கைது காலை 6, வாக்குமூலம் 7.30, மகசர் 8.00 என்று இருந்தால், வாக்குமூலத்தை எழுதி முடித்து, நெல்லிக்குப்பம் போய், தோண்டி, எடை போட்டு, மகசர் எழுத அரை மணி நேரம் போதுமா? ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் ஜீப் கிளம்பிய நேரம் இருக்கும். குறுக்கு விசாரணையில் அதை வரவழைக்கலாம்.

அடுத்து, போலீஸுக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரியுமா என்று பாருங்கள். தெரிந்த ஒன்றைக் "கண்டுபிடிக்க" முடியாது. முதல் நாளே மாமியாரை விசாரித்திருந்தால், அல்லது கோர்ட் மொழியில் எதிரி எனப்படும் இன்னொரு குற்றம் சாட்டப்பட்டவர் அதே இடத்தை முன்பே சொல்லியிருந்தால், இரண்டாவதாகச் சொன்னவரின் வாக்குமூலத்தால் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்று எதிரிகளும் ஒரே வாக்கியத்தில், ஒரே சொற்களில் ஒரே இடத்தைச் சொல்லியிருக்கும் தாள்கள் நிறைய வருகின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மூன்றாவது, சாட்சிகள். ராமானந்த் வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் முறையைத் தெளிவாகச் சொன்னது: சார்பற்ற இரண்டு சாட்சிகளை முதலில் ஸ்டேஷனுக்கு அழைத்து, அவர்கள் முன்னால் எதிரி சொன்ன அதே வார்த்தைகளை எழுதி, பிறகுதான் எல்லாரும் கிளம்ப வேண்டும். சாட்சி கூண்டில் ஏறி "ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டேன், அங்கே போகல" என்றால் மகசரின் முதுகெலும்பு போயிற்று. வி.ஏ.ஓ.வும் தலையாரியும் மட்டுமே எல்லா வழக்கிலும் சாட்சி என்றால், அக்கம்பக்கத்தார் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

இப்போது தேடுதலையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் பிரிவு 105 சொல்கிறது. பதிவின் நகலைக் கேளுங்கள். வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்தால் மகசர் விழுந்துவிடாது. ஆனால் எல்லார் கையிலும் செல்போன் இருக்க, ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு விசாரணை அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

கைதுன்னு காட்டல. "சும்மா விசாரணைக்கு"ன்னு கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சாங்க. அப்போ சொன்னது?

இதற்கு விடை புதுச்சேரி வழக்கொன்றிலேயே இருக்கிறது. ஒதியஞ்சாலை போலீஸ் 2008-இல் விசாரித்த கொலை வழக்கு அது. வேறொரு வழக்கு விசாரணையில் பிடிபட்டிருந்தவர் தந்த தகவலால் உடலின் பாகங்கள் கிடைத்தன. அந்தக் கொலையில் அவர் அப்போது முறைப்படி கைது செய்யப்படவில்லை. பெருமாள் ராஜா வழக்கு என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. "காவல்" என்றால் முறையான கைது மட்டுமல்ல, போலீஸின் கட்டுப்பாட்டிலோ கண்காணிப்பிலோ இருப்பதும் காவலே என்று 2024 ஜனவரி 3-இல் நீதிமன்றம் சொல்லி, தண்டனையை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும். கைது காட்டாத நேரத்தில் சொன்ன தகவலையும் கண்டுபிடிப்புக்காக அரசுத் தரப்பு பயன்படுத்தலாம். அதே காரணத்தால், கைது காட்டாத நேரத்தில் யாரிடமோ "தானாக" ஒத்துக்கொண்டார் என்று சொன்னால், அப்போதே அவர் காவலில்தான் இருந்தார் என்று நாம் காட்டி, மூன்றாவது கேள்வியில் சொன்ன தடையைக் கொண்டுவரலாம். வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் கூட்டிப்போனார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். தெருமுனைக் கடையில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

வி.ஏ.ஓ. ஆபீசுக்கே போய் அவன் சரணடைஞ்சு ஒத்துக்கிட்டதா எழுதியிருக்காங்க. அது செல்லுமா?

வி.ஏ.ஓ. போலீஸ் அதிகாரி அல்ல. ஆகவே முதல் கேள்வியில் சொன்ன தடை இங்கே இல்லை. பழைய கிராம முன்சீப்புகள் ஒப்புதலை எழுதி வாங்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் இன்றைய வி.ஏ.ஓ. அந்தப் பதவிக்காரர் அல்லர் என்பதால் அந்த விதி தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செல்லும் என்பது வேறு, நம்பலாம் என்பது வேறு. முன்பின் தெரியாத ஓர் அலுவலரைத் தேடிப் போய் ஒருவர் கொலையை ஒத்துக்கொள்வாரா என்பதுதான் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி. எதிரியின் ஊர் வேறு, வி.ஏ.ஓ.வின் கிராமம் வேறு என்றால் சந்தேகம் கூடும். வாக்குமூலமும் வி.ஏ.ஓ.வின் அறிக்கையும் கோர்ட்டுக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தன என்று முத்திரையைப் பாருங்கள். தாமதமானால், பிறகு உட்கார்ந்து எழுதியது என்ற வாதத்துக்கு அதுவே ஆதாரம்.

மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டு போய் வாக்குமூலம் வாங்கப் போறோம்னு சொல்றாங்க. பயப்படணுமா?

கவனமாக இருக்க வேண்டும். நடைமுறைச் சட்டம் பிரிவு 183-இன் கீழ் (பழைய 164) மாஜிஸ்திரேட் பதிவு செய்யும் ஒப்புதல் முழுதாகவே சாட்சியம். அதனால்தான் பாதுகாப்புகளும் அங்கேதான் அதிகம். "நீ ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஒத்துக்கொண்டால் உனக்கு எதிராகப் பயன்படும்" என்று அவர் முதலில் சொல்ல வேண்டும். கேள்விகள் கேட்டு, தானாக வந்த ஒப்புதல்தான் என்று நம்ப வேண்டும். அப்படி நம்புவதாகத் தன் கையால் குறிப்பும் எழுத வேண்டும். வக்கீல் முன்னிலையில் ஒலி-ஒளிப்பதிவும் செய்யலாம்.

யோசிக்க நேரம் தருவது மிக முக்கியம். குறைந்தது 24 மணி நேரமாவது போலீஸ் பிடியிலிருந்து விலக்கிச் சிறையில் வைத்திருக்க வேண்டும் என்பது 1957-இல் சர்வன் சிங் வழக்கிலிருந்து வரும் நடைமுறை. போலீஸ் அந்த அறையில் இருக்கக் கூடாது. "நான் சொல்ல விரும்பவில்லை" என்று கைதி சொல்லிவிட்டால், மாஜிஸ்திரேட் அவரைப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. இந்த ஒரு வரியைக் கைதிக்குச் சொல்லி அனுப்புங்கள். "இல்லைன்னு சொன்னா திரும்ப அவங்ககிட்டதானே போகணும்" என்ற பயம்தான் பலரை ஒத்துக்கொள்ள வைக்கிறது.

கூட்டாளி என் பேரைச் சொல்லிட்டான்னு என்னையும் சேர்த்துட்டாங்க. அவன் வாக்குமூலம் என்னைப் பிடிக்குமா?

அவர் போலீஸிடம் சொன்னது அவருக்கு எதிராகவே நிற்காது. உங்களுக்கு எதிராக எங்கே நிற்கும்? நாலாவது கேள்வியில் மச்சானைப் பற்றிய வரிக்கு நேர்ந்த கதிதான். போலீஸ் அதை விசாரணைக்கு ஒரு நூலாகப் பிடித்துப் போகலாம். உங்களுக்கு எதிராகத் தனியாக வேறு ஆதாரம் கிடைத்தால்தான் வழக்கு நிற்கும். ஜாமீன் மனுவில் இதைத்தான் முதல் காரணமாக எழுதுவார்கள்.

கஞ்சா, போதை மருந்து வழக்குகளில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 67-இன் கீழ் அதிகாரிகள் வாங்கிய வாக்குமூலத்தை ஒப்புதலாக வைத்துத் தண்டித்து வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29-இல் உச்ச நீதிமன்றம் அதையும் நிறுத்திவிட்டது.

ஸ்டேஷன்ல அடிச்சுட்டாங்க. ரிமாண்டுக்குக் கொண்டு போகும்போது என்ன செய்யணும்?

பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் முன் நிற்கும் அந்த இரண்டு நிமிடம்தான் உங்கள் ஆளுக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு. அடித்தார்கள் என்றால் சொல்ல வேண்டும், காயத்தைச் சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், எழுதிக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். ரிமாண்டில் "புகார் ஏதும் இல்லை" என்று பதிவாகிவிட்டால், ஆறு மாதம் கழித்துச் சொல்வதை யாரும் எளிதில் நம்பமாட்டார்கள்.

கைதானவரை டாக்டர் பரிசோதித்து, காயம் இருந்தால் எழுதி, நகலைக் கைதானவருக்கோ அவர் சொன்னவருக்கோ தர வேண்டும் (நடைமுறைச் சட்டம் பிரிவு 53). ஆஸ்பத்திரியில் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்று கூட வந்த காவலர் சொல்லிக்கொடுப்பது வழக்கம். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். உள்ளங்காலில் அடித்தால் வெளியே அதிகம் தெரியாது, எனவே பாதத்தையும் காட்டச் சொல்லுங்கள். கடலூர் கேப்பர் மலையிலோ காலாப்பட்டிலோ சிறைக்குள் போகும்போதும் உடலைப் பார்த்துப் பதிவு செய்வார்கள். ஆஸ்பத்திரித் தாளில் இல்லாத காயம் அங்கே பதிவாகியிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

அதே வாரத்தில், ஸ்டேஷன் கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். தேதி, நேரம் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பரம்வீர் சிங் சைனி வழக்கில் (2020) எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. "கேமரா ரிப்பேர்" என்று பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்புதல் வாங்க அடித்தால் ஏழு ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை சிறை (பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 120). வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் 15100 எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

ஆளு எந்த ஸ்டேஷன்ல இருக்கான்னே தெரியல. யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

கைது செய்ததையும் வைத்திருக்கும் இடத்தையும் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே சொல்ல வேண்டும் (நடைமுறைச் சட்டம் பிரிவு 48). கைதுக் குறிப்பாணையில் வீட்டார் ஒருவரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் (பிரிவு 36). விசாரணையின் போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு, முழு நேரமும் கூட உட்கார முடியாவிட்டாலும் (பிரிவு 38). எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி போல் சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்பி, அனுப்பிய நேரம் தெரிய ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

24 மணி நேரம் தாண்டினால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. 1993 மார்ச்சில், அப்போது தென்னார்க்காடாக இருந்த நம் மாவட்டத்தின் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குத் திருட்டு விசாரணைக்கென்று கொண்டுபோன ராஜாக்கண்ணு அங்கே அடித்தே கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னார்கள். அவர் மனைவி பார்வதி போட்ட ஆட்கொணர்வு மனுதான் அந்தப் பொய்யை உடைக்க வழி திறந்தது. "தப்பிட்டான்" என்ற பதில் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

நானே ஸ்டேஷனுக்குப் போய் "வெட்டிட்டேன்"னு சொன்னேன். அதையே எஃப்.ஐ.ஆர். ஆக்கிட்டாங்க. அதுல ஒத்துக்கிட்டதா இருக்கே?

எஃப்.ஐ.ஆர். என்ற பெயர் வந்ததால் முதல் கேள்வியின் தடை நீங்கிவிடாது. 1965-இல் அக்னூ நாகேசியா வழக்கில் இதே நிலைமை வந்தது. சண்டைக்கான காரணம், வெட்டியது, ஓடியது எல்லாம் ஒரே ஒப்புதலின் துண்டுகள், அவற்றைப் பிரித்துக் கொஞ்சத்தை மட்டும் உள்ளே விட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தகவல் கொடுத்தவர் இவர்தான் என்பதை மட்டும் காட்டலாம். "அரிவாள் கெடிலம் கரையில அந்தப் புதர்ல கிடக்கு" என்று சொல்லி, அது கிடைத்திருந்தால் அந்த வரி நாலாவது கேள்வியின் கணக்கில் வரும். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி அந்த வரிக்கு அடிக்கோடு போட்டு வக்கீலிடம் கொடுங்கள்.